கூட்ட மறுக்கும் தொகைகள்

வெளியிலிருந்து எக்செல்லுக்குக் கொண்டுவந்த தொகைகளைக் கூட்டும்போது வரும் பிழைகளில் மிக மோசமானது, பிழை என்று காட்டிக்கொள்ளாத பிழைதான். திரையில் சிவப்பு எச்சரிக்கை எதுவும் வராது. கீழே ஒரு மொத்தம் இருக்கும். அது தவறாக இருக்கும், அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை கட்டப் பழைய மாணவர்கள் நன்கொடை திரட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் முழுவதும் ஒரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் பல இடங்களிலிருந்து சேர்ந்தது. சிலரின் தொகை வாட்ஸ்அப் குழுவிலிருந்து வந்தது, சிலருடையது வங்கியின் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தது, சிலருடையதைப் பொருளாளரே தட்டச்சு செய்தார். எட்டுப் பேரின் தொகைகள் B2 முதல் B9 வரை இப்படி இருக்கின்றன:

```
B2   5000
B3   ₹ 10,000
B4   Rs.2,500
B5   1,25,000.00
B6   ரூ. 3,000
B7   7 500
B8   1,000/-
B9   2000
```

மனிதக் கண்ணுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. மனக்கணக்காகவே கூட்டினாலும் 1,56,000 ரூபாய் வரும். ஆனால் நடுவிலுள்ள ஆறும் கணினிக்கு வெறும் எழுத்தாகவே போய்ச் சேர்ந்திருந்தால், `=SUM(B2:B9)` காட்டும் விடை 7000. முதல் தொகையும் கடைசித் தொகையும் மட்டும்தான் எண்கள். நடுவிலுள்ள ஆறையும் SUM கண்டுகொள்ளவில்லை, கண்டுகொள்ளவில்லை என்று சொல்லவும் இல்லை.

எட்டு வரிசையில் இந்தத் தவறு உடனே கண்ணில் படும். பட்டியலில் நானூறு பேர் இருந்து, அவர்களில் முப்பது பேரின் தொகை மட்டும் விடுபட்டால், மொத்தம் ஏறத்தாழ நம்பும்படியாகவே இருக்கும். அந்தத் தொகையை அப்படியே அறிக்கையில் போட்டு, கட்டுமானக்காரரிடம் பேச்சும் தொடங்கிவிடுவார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகிய மூன்றிலும் ஒரு கட்டத்துக்குள் இருப்பது எண்ணாக இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். எண்ணாக இருந்தால் அதன் மதிப்பு மட்டும்தான் சேமிக்கப்படுகிறது. அதன் முன்னால் தெரியும் ₹ குறியும் நடுவில் தெரியும் கமாவும் காட்சிக்காக மேலே போர்த்தியவை. உள்ளே இருப்பது 10000 மட்டும். எழுத்தாக இருந்தால் நிலைமை வேறு. ₹, இடைவெளி, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், கமா என்று ஒவ்வோர் எழுத்தும் அப்படியே சேமிக்கப்படும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு கட்டப் பரப்பைக் கொடுத்தால் அதிலுள்ள எழுத்துகளைத் தாண்டிப் போய் எண்களை மட்டும் கூட்டுவது SUM-இன் இயல்பு. தலைப்பு வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் கணக்கு உடைந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த வசதி அது. இங்கே அதுவே ஆபத்தாகிறது. `=B2+B4` என்று கூட்டல் குறியால் கூட்டியிருந்தால் `#VALUE!` என்ற பிழை முகத்துக்கு நேராக வந்து நின்றிருக்கும்.

எது எண், எது எழுத்து என்று பார்க்கச் சில எளிய வழிகள் உண்டு. யாரும் சீரமைப்பை மாற்றியிருக்கவில்லை என்றால், எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டும். எக்செல்லில் நெடுவரிசையை மவுஸால் தேர்ந்தெடுத்தால், திரையின் கீழ்ப்பட்டையில் எத்தனை கட்டங்கள் என்பதும் கூட்டுத்தொகையும் தெரியும். எல்லாமே எழுத்தாக இருந்தால் எண்ணிக்கை மட்டும் தெரியும், கூட்டுத்தொகை வராது. எல்லாவற்றையும்விட நம்பகமானது இரண்டு ஃபார்முலாக்கள். `=COUNTA(B2:B9)` காலியாக இல்லாத கட்டங்களை எண்ணும், `=COUNT(B2:B9)` எண்கள் இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணும். நம் பட்டியலில் முதலாவது 8 என்றும் இரண்டாவது 2 என்றும் சொல்லும். வித்தியாசம் ஆறு. கூட்டலில் விடுபட்டவர்கள் ஆறு பேர்.

இனி ஒவ்வொன்றாக, இந்த ஆறு தொகைகளுக்கும் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

₹ குறியோடு வந்த 10,000 பல கணினிகளில் தானாகவே எண்ணாகிவிடும். விண்டோஸின் வட்டார அமைப்பு இந்தியா என்று இருந்தால், எக்செல் ₹ என்பதைப் பணக்குறியாக அறிந்துகொள்கிறது. அதே கோப்பை அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் திறந்தால், அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடக்கூடும். ஒருவர் கணினியில் சரியாக வந்த மொத்தம் இன்னொருவர் கணினியில் தவறுவதற்கு இது பெரும்பாலும் காரணம். இந்தக் குறிக்கு வயதும் குறைவு. த. உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15 அன்று. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த யூனிகோட் 6.0 பதிப்பில் அதற்கு 20B9 என்ற இடம் கிடைத்தது. கணினிகளுக்கெல்லாம் அது போய்ச்சேரும் முன்பே, குறியைப் பயன்படுத்த ஆசைப்பட்டவர்களுக்காக ஓர் எழுத்துரு பரவியது. விசைப்பலகையில் டேப் விசைக்கு மேலே உள்ள சாய்ந்த மேற்கோள் குறியின் இடத்தில் ரூபாய்க் குறியின் படத்தை அது வைத்திருந்தது. அந்த எழுத்துருவில் தயாரான பழைய பிடிஎஃப் அறிக்கைகளிலிருந்து தொகையை நகலெடுத்தால், ₹ இருந்த இடத்தில் வெறும் ` வந்து விழும். அதையும் நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைத்துக்கொள்வது நல்லது.

1,25,000.00 என்ற ஐந்தாவது வரிசையின் தொகைதான் பலரைத் திணறடிப்பது. அதில் பணக்குறி இல்லை, நடுவில் இடைவெளி இல்லை, கமாக்கள் சரியான இடத்தில் இருக்கின்றன. இருந்தும் அது எழுத்து. கண்ணுக்குத் தெரிவதை எண்ணினால் மொத்தம் 11 எழுத்துகள். ஆனால் `=LEN(B5)` என்று கேட்டால் 12 என்கிறது. தெரியாத அந்தப் பன்னிரண்டாவது எழுத்து எது என்பதை இப்படிக் கேட்கலாம்:

```
=UNICODE(RIGHT(B5,1))
```

விடை 160. இணையப் பக்கங்களில் சொற்கள் வரி மாறிப் பிரிந்துவிடாமல் இருக்கப் பயன்படுத்தும் உடையாத இடைவெளி அது. சாதாரண இடைவெளியின் எண் 32. வங்கிப் பக்கத்தை வடிவமைத்தவர் தொகையின் பின்னால் சிறிது இடம் விட அதைப் பயன்படுத்தியிருப்பார். நகலெடுக்கும்போது அதுவும் கூடவே வந்துவிட்டது. இடைவெளி என்றதும் எல்லாரும் தேடிப்போவது TRIM. அது 32-ஆம் எண் இடைவெளியை மட்டுமே நீக்கும், 160-ஐத் தொடாது. CLEAN என்ற ஃபார்முலாவும் உதவாது, ஏனென்றால் அது 0 முதல் 31 வரையிலான கட்டுப்பாட்டு எழுத்துகளுக்காக உருவானது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை, அதன் எண்ணைச் சொல்லித்தான் வெளியேற்ற முடியும்.

`7 500` என்பதிலும் TRIM தோற்றுப்போகும், ஆனால் காரணம் வேறு. முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை அது முழுவதும் நீக்கும், நடுவில் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றாகக் குறைக்கும். அந்த ஒன்றை விட்டுவைக்கும். பெயர்களைச் சீராக்க அது பொருத்தமான நடத்தை, தொகைகளுக்கு இல்லை. காசோலை எழுதும் பழக்கத்தில் சேர்க்கும் `/-` பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை அப்படியே எடுத்துவிடலாம்.

எஞ்சியவை `Rs.2,500` என்பதும் `ரூ. 3,000` என்பதும். இந்த இரண்டில்தான் கத்தியை மிகக் கவனமாக வைக்க வேண்டும்.

காரணம், அந்தச் சுருக்கத்தின் கடைசியில் இருக்கும் புள்ளி. அது சுருக்கத்தின் புள்ளி. கணினிக்கோ அது தசமப் புள்ளியும் ஆகலாம். `Rs` என்ற இரண்டு எழுத்தையும் கமாவையும் மட்டும் நீக்கினால் மிஞ்சுவது `.2500`. அது முறையான எண்தான். அதன் மதிப்பு 0.25, அதாவது கால் ரூபாய். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இருபத்தைந்து காசாகிவிட்டது. அந்தத் தொகை `Rs.2,500.00` என்று பைசாவோடு எழுதப்பட்டிருந்தால் மிஞ்சுவது `.2500.00`. இரண்டு புள்ளிகள் இருப்பதால் எக்செல் அதை எண்ணாக ஏற்காமல் பிழை காட்டும், ஆபத்தும் தப்பும். பைசா எழுதாமல் விட்டவர்களின் தொகைதான் ஓசையில்லாமல் கரைந்துபோகும்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் பிரபலமான குறுக்குவழி ஒன்று இந்தக் குழியில் நேராகக் கொண்டுபோய்த் தள்ளும். எண்களையும் புள்ளியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே அடியில் நீக்கும் வழி அது. கூகுள் ஷீட்ஸில் இப்படி எழுதுவார்கள்:

```
=VALUE(REGEXREPLACE(TO_TEXT(B2),"[^0-9.]",""))
```

பார்க்க அழகாக இருக்கிறது. பணக்குறி, கமா, எல்லா வகை இடைவெளிகள், `/-` என்று அனைத்தும் ஒரே வரியில் போய்விடுகின்றன. இதை நம் எட்டு வரிசைகளுக்கும் பயன்படுத்தினால் எட்டும் எண்ணாகிவிடும், COUNT-உம் 8 என்று சொல்லும். ஆனால் மொத்தம் 1,50,500.55 ரூபாய். நான்காவது வரிசை 0.25 ஆகவும் ஆறாவது 0.3 ஆகவும் மாறியிருக்கின்றன. தசமங்களைக் காட்டாத வடிவம் போட்டிருந்தால் அந்த இரண்டு கட்டங்களிலும் 0 என்றே தெரியும்.

இந்த வழியின் குறை அந்தப் புள்ளியோடு நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் மனிதர்கள் தொகையை எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். `5000+500` என்று ஒருவர் அனுப்பியிருந்தால், கூட்டல் குறி போய் 5000500 ஆகிவிடும், ஐம்பது லட்சத்துக்கும் மேல். `₹1,000 (2 பேர்)` என்று எழுதியவரின் தொகை 10002. `1.5 லட்சம்` என்பது வெறும் ஒன்றரை ரூபாய். திருப்பிக் கொடுத்த தொகையை `-500` என்று குறித்திருந்தால் கழித்தல் குறியும் போய், அது வரவாகிவிடும். ஒவ்வொன்றும் எண்ணாகிவிட்டது என்பதால் எதுவுமே கண்ணில் படாது.

ஆகவே நல்ல சுத்தப்படுத்தல் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். பட்டியலில் எதையெல்லாம் கண்ணால் பார்த்தோமோ, அதை மட்டும் பெயர் சொல்லி நீக்க வேண்டும். எதிர்பாராத எழுத்து ஒன்று இருந்தால், அந்தக் கட்டம் எண்ணாக மாறாமல் பிழை காட்டி நிற்கட்டும். அங்கே ஒரு மனிதர் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கான அழைப்பு அது. `5000+500` என்ற கட்டம் `#VALUE!` என்று நின்றால் பொருளாளர் அதைப் பார்த்து 5500 என்று திருத்துவார். 5000500 என்று உருமாறிவிட்டால் யார் பார்ப்பார்கள்?

எக்செல்லில் இதை இரண்டு படிகளாகச் செய்வது படிக்கவும் சரிபார்க்கவும் எளிது. மூல நெடுவரிசையான B-ஐத் தொடக் கூடாது. C-யில் பெயர் தெரிந்த குறிகளை நீக்குகிறோம்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
 B2,"₹",""),"Rs.",""),"ரூ.",""),"/-","")
```

`Rs.` என்பதைப் புள்ளியோடு சேர்த்தே நீக்குகிறோம் என்பதைக் கவனிக்கவும். `ரூ.` என்பதும் அப்படியே. SUBSTITUTE பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும். `RS.` என்று யாராவது எழுதியிருந்தால் அது நீங்காது. அடுத்த படியில் பிழையாக எழுந்து நிற்கும், அப்போது இன்னொரு SUBSTITUTE சேர்த்துக்கொள்ளலாம். புள்ளி இல்லாத `Rs 500` என்பதற்கும் இதே வழிதான்.

D-யில் உடையாத இடைவெளியை அகற்றி, மிஞ்சியதை எண்ணாக்குகிறோம்:

```
=NUMBERVALUE(SUBSTITUTE(C2,UNICHAR(160),""),".",",")
```

NUMBERVALUE எக்செல் 2013 பதிப்பில் வந்தது. அதன் தனிச்சிறப்பு, தசமக் குறி எது, பிரிப்புக் குறி எது என்று நாமே சொல்லிவிடுவது. இங்கே தசமம் புள்ளி என்றும் பிரிப்பது கமா என்றும் சொல்லியிருக்கிறோம். லட்சக் கணக்கில் போட்ட கமாவா, மில்லியன் கணக்கில் போட்ட கமாவா என்று அது கேட்பதில்லை. தசமப் புள்ளிக்கு முன்னால் எங்கே இருந்தாலும் விட்டுவிடும். சாதாரண இடைவெளி நடுவில் இருந்தாலும் பொருட்படுத்தாது, எனவே `7 500` சிக்கலில்லாமல் 7500 ஆகிறது. கணினியின் வட்டார அமைப்பு என்னவாக இருந்தாலும் சரி, கட்டத்தில் எழுத்தாக இருக்கும் தொகைக்கு விடை மாறாது. பழைய VALUE அப்படி அல்ல, அது கணினியின் அமைப்பையே பார்க்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. காலியான எழுத்தைக் கொடுத்தால் NUMBERVALUE பிழை காட்டாது, 0 என்று தரும். தொகை எழுதாமல் விட்ட கட்டமும், வெறும் ₹ மட்டும் இருக்கும் கட்டமும் பூஜ்ய ரூபாய் நன்கொடையாகிவிடும். மொத்தம் மாறாது. ஆனால் சராசரி மாறும், கேட்க வேண்டியவரிடம் கேட்காமலும் போய்விடுவோம். D-யில் பூஜ்யமாக வந்த கட்டங்களை மட்டும் வடிகட்டி எடுத்து B-யில் என்ன இருந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு சிறு தடங்கல் அடிக்கடி வரும். C-யில் ஃபார்முலாவைத் தட்டச்சு செய்ததும் விடை வராமல் ஃபார்முலாவே அப்படியே தெரிந்தால், அந்த நெடுவரிசையின் வடிவம் எழுத்து என்று அமைந்திருக்கிறது. அதைப் பொது வடிவத்துக்கு மாற்றி, ஃபார்முலாவை மறுபடி உள்ளிட்டால் சரியாகிவிடும்.

ஃபார்முலாவே வேண்டாம், தேடி மாற்றும் பெட்டியிலேயே முடித்துவிடலாம் என்பவர்கள் உண்டு. அந்த வழியும் பயன்படும். அமௌன்ட் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்த பிறகே செய்ய வேண்டும் என்பது முக்கியம். தாள் முழுவதும் கமாவை நீக்கினால் முகவரிகளும் பெயர்களும் ஒட்டிக்கொள்ளும். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இன்னொரு எச்சரிக்கை. தேடும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதி இயக்கத்தில் இருந்தால், புள்ளிக்கு `ஏதாவது ஓர் எழுத்து` என்று பொருள். அப்போது `Rs.` என்று தேடினால், `Rs2,500` என்று புள்ளியில்லாமல் எழுதிய கட்டத்தில் அது `Rs2` முழுவதையும் விழுங்கும். மிஞ்சுவது `,500`. இரண்டாயிரம் ரூபாய் காணாமல் போயிருக்கும். அந்த வசதியை அணைத்துவிட்டுத் தேடலாம், அல்லது `Rs\.` என்று புள்ளிக்கு முன் பின்சாய்வுக் கோடு போடலாம்.

தொகை இல்லாத எண்களின் மேல் இந்தச் சுத்தம் எதையும் செய்யக் கூடாது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்திருக்கும். 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாக மாற்றினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் மறைந்துவிடும். அவற்றை யாரும் கூட்டப் போவதில்லை, எனவே எழுத்தாகவே இருக்கட்டும்.

இப்போது பட்டியலில் ஒன்பதாவது ஆள் சேர்கிறார். பாரிஸில் வசிக்கும் பழைய மாணவர். தம் வங்கிப் பக்கத்திலிருந்து `100,00 €` என்று நகலெடுத்து அனுப்புகிறார். நூறு யூரோ. பிரான்சில் கமாதான் தசமக் குறி. நம் வழக்கப்படி யூரோ குறியையும் கமாவையும் எடுத்துவிட்டால் 10000 என்று வரும். இரண்டு தவறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக நடந்திருக்கின்றன. தொகை நூறு மடங்கு பெருத்தது, யூரோ ரூபாயாகிவிட்டது.

முதல் தவறைத் தவிர்க்கத் தசமக் குறி கமா என்று NUMBERVALUE-இடம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை யூரோவை `1.250,50` என்று எழுதுவார்கள், புள்ளி பிரிப்புக் குறியாகவும் கமா தசமமாகவும். அதற்கு ஃபார்முலாவின் கடைசி இரண்டு குறிகளும் இடம் மாறும்:

```
=NUMBERVALUE("1.250,50",",",".")
```

சுவிட்சர்லாந்தில் பிரிப்பதற்கு மேற்கோள் குறி வரும், `1'250.50` என்பதுபோல. பிரான்சிலோ ஆயிரத்தைப் பிரிப்பது இடைவெளி. அதுவும் பெரும்பாலும் 160-ஆம் எண் இடைவெளி அல்லது யூனிகோடில் 8239-ஆம் எண் உள்ள குறுகிய உடையாத இடைவெளி. அதற்கு `UNICHAR(8239)` என்று தனியாக ஒரு SUBSTITUTE வேண்டும்.

சில நேரம் எந்த ஃபார்முலாவாலும் தீர்க்க முடியாத ஐயம் வரும். `1.250` என்று மட்டும் ஒரு கட்டத்தில் இருந்தால், அது ஜெர்மானியர் எழுதிய ஆயிரத்து இருநூற்று ஐம்பதா, இந்தியர் எழுதிய ஒன்றே காலா? கடைசிக் குறிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருந்தால் அது தசமம் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். மூன்று இலக்கங்கள் இருந்தால் ஊகிக்க வழியில்லை. அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவரைக் கேட்கத்தான் வேண்டும். வெவ்வேறு நாடுகளின் கோப்புகளை ஒரே நெடுவரிசையில் ஒட்டுவதற்கு முன், ஒவ்வொன்றையும் தனித்தாளில் வைத்து எண்ணாக்கிக்கொள்வது இதனால்தான்.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. பணக்குறி வெறும் தூசி அல்ல, எந்த நாட்டுப் பணம் என்ற தகவல் அதில் மட்டும்தான் இருக்கிறது. ஒரே நாணயம் உள்ள பட்டியலில் அதைத் தயங்காமல் நீக்கலாம். கலந்த பட்டியலில், நீக்குவதற்கு முன் பக்கத்து நெடுவரிசை ஒன்றில் ரூபாய், யூரோ, சிங்கப்பூர் டாலர் என்று எழுதி வைத்துவிட வேண்டும். டாலர் குறி அமெரிக்கா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா மூன்றுக்கும் பொது என்பதால் அங்கே குறியைப் பார்த்தும் முடிவு செய்ய இயலாது. `Rs.` என்பது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொது. நாணய வாரியாகக் கூட்டுத்தொகை கண்ட பிறகே, வங்கி உண்மையில் வரவு வைத்த ரூபாய்த் தொகையோடு அதை இணைக்க வேண்டும்.

வங்கி அறிக்கைகளில் தொகையின் பின்னால் `Cr`, `Dr` என்று இருப்பதும் இதே வகைத் தகவல். வரவா, பற்றா என்பது அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது. அவற்றைக் களைந்துவிட்டால் எடுத்த பணமும் போட்ட பணமும் ஒன்றாகக் கூடிவிடும். முதலில் பற்றுகளுக்குக் கழித்தல் குறி கொடுக்கும் பெருக்கெண்ணை ஒரு தனி நெடுவரிசையில் எடுத்து வைக்கலாம்:

```
=IF(RIGHT(TRIM(SUBSTITUTE(B2,UNICHAR(160)," ")),2)="Dr",-1,1)
```

பிறகு எழுத்தை நீக்கி, கிடைத்த எண்ணை இதனால் பெருக்க வேண்டும். `Cr` என்பது செய்தித்தாள்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் கோடி என்பதற்கும் வருகிறது. `5 Cr` என்பதைக் கண்டால் கோப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டே தொட வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, மொத்தம் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? COUNT-உம் COUNTA-உம் ஒத்துப்போவது முதல் படி மட்டும்தான் என்பதை அந்தக் கால் ரூபாய்க் கதை காட்டிவிட்டது. அடுத்து, D நெடுவரிசையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். புள்ளியால் சுருங்கியவை எல்லாம் மேலே வந்து நிற்கும், 0.25, 0.3 என்று. கமாவாலும் கூட்டல் குறியாலும் வீங்கியவை கீழே நிற்கும். வரிசைப்படுத்த விருப்பமில்லை என்றால் `=MIN(D2:D9)`, `=MAX(D2:D9)` போதும். ஐந்நூறு ரூபாய்க்குக் குறைவாக யாரும் தராத பட்டியலில் மிகச் சிறிய தொகை 0.25 என்று வந்தால், எந்த வரிசையைத் தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, பட்டியலுக்கு வெளியே இருக்கும் ஒரு மொத்தத்தோடு ஒப்பிடுவது. நம் சங்கத்தின் கணக்கில் தொடக்க இருப்பு 42,300 ரூபாய் இருந்தது, இந்தக் காலத்தில் எதுவும் எடுக்கவில்லை, இறுதி இருப்பு 1,98,300 என்று வைத்துக்கொண்டால், வந்தது 1,56,000. பாரிஸ் நண்பரின் பணம் இன்னும் வந்துசேரவில்லை. D-யின் மொத்தமும் அதே 1,56,000. வங்கி அறிக்கையில் ஒவ்வொரு வரியிலும் இருப்பு அச்சாகியிருப்பதால், மொத்தம் ஒத்துப்போகாத நாளில் வரி வரியாகவும் இதைச் செய்ய முடியும். முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் அந்த வரியின் இருப்பு வர வேண்டும். எங்கே முதலில் வேறுபடுகிறதோ, அந்த வரியில்தான் ஒரு தொகை தவறாக மாறியிருக்கிறது.

அறிக்கையாக அச்சிடும்போது கமாவும் ₹ குறியும் திரும்ப வேண்டும். அவற்றைத் தட்டச்சு செய்யாமல், கட்டத்தின் எண் வடிவமாகக் கொடுக்க வேண்டும். இந்திய வட்டார அமைப்பு உள்ள கணினியில் லட்சக் கமா தானாகவே வரும். மற்றவற்றில் தனிப்பயன் வடிவத்தில் இதை ஒட்டலாம்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

கோடிக்கு மேல், லட்சத்துக்கு மேல், மற்றவை என்று மூன்று பகுதிகள் இதில் உள்ளன. கழித்தல் தொகைகள் மூன்றாம் பகுதிக்குள் விழுவதால், ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பற்று -150,000 என்றே தெரியும். மதிப்பு சரியாகத்தான் இருக்கும். கமா மட்டும் இடம் மாறித் தெரியும்.